பத்தாயிரம் படைவீரர்களும் 64 பைட்டும்

வியூக விளையாட்டு ஒன்றில் திரையில் 10,000 வீரர்கள் ஒரே நேரத்தில் நகர வேண்டும். விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.6 மில்லி விநாடி. அதற்குள் நகர்வு, இலக்கு தேடல், மோதல், வரைதல் எல்லாம் முடிய வேண்டும். வீரர்களின் எண்ணிக்கை சில நூறைத் தாண்டும்போது பல விளையாட்டுகள் திணறத் தொடங்குகின்றன. அதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கின் அளவு அல்ல, தரவு நினைவகத்தில் கிடக்கும் விதம்.

செயலி நினைவகத்திலிருந்து ஒரே ஒரு எண்ணைத் தனியாக எடுத்து வருவதில்லை. இன்றைய பெரும்பாலான கணினிகளில் 64 பைட் கொண்ட ஒரு துண்டை முழுதாகக் கொண்டுவந்து, தன் அருகிலுள்ள கேஷ் என்னும் சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இத்துண்டுக்குக் கேஷ் வரி என்று பெயர். செயலிக்கு மிக அருகிலுள்ள கேஷில் இருக்கும் எண் நான்கைந்து சுழற்சிகளில் கைக்கு வந்துவிடும். முதன்மை நினைவகம் வரை போக நேர்ந்தால் 100 நேனோ விநாடி அளவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான கூட்டல்களை முடித்துவிடலாம்.

வழக்கமான பொருள்நோக்கு நிரலில் ஒவ்வொரு வீரனும் ஒரு தனிப் பொருள். இடம், வேகம், உயிர்ப்புள்ளி, பெயர், ஆயுதம், அசைவுப் படம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதன் அளவு 256 பைட் என்று கொள்வோம். நகர்வுக் கணக்குக்குத் தேவையானவை இடமும் வேகமும் மட்டும். இரண்டும் சேர்ந்து 24 பைட். அவை பொருளின் இரு வேறு மூலைகளில் இருந்தால் ஒரு வீரனுக்கு இரண்டு கேஷ் வரிகள், அதாவது 128 பைட் வந்திறங்கும். 24 பைட் பயன்படும், மீதி வீண். உப்பு ஒரு பிடிக்காக மூட்டையையே தூக்கி வரும் கதை இது. 10,000 பேருக்கு 20,000 வரிகள். பொருள்கள் நினைவகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதால், அடுத்து எது வேண்டும் என்று செயலியால் முன்கூட்டியே ஊகிக்கவும் முடியாது.

என்டிட்டி காம்போனென்ட் சிஸ்டம் என்னும் அமைப்பு இதைக் குலைத்து அடுக்குகிறது. வீரன் என்பவன் இனி ஓர் எண் மட்டுமே. இடங்கள் எல்லாம் ஓர் அணியில், வேகங்கள் எல்லாம் இன்னோர் அணியில், ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக நிற்கும். நகர்வுக்கான நிரல் அந்த இரு அணிகளையும் மட்டுமே தொடும்:

```cpp
for (size_t i = 0; i < count; ++i) {
    pos[i].x += vel[i].x * dt;
    pos[i].y += vel[i].y * dt;
    pos[i].z += vel[i].z * dt;
}
```

இப்போது வருவது 2,40,000 பைட், அதாவது 3,750 வரிகள். வந்த ஒவ்வொரு பைட்டும் பயன்படுகிறது. வரிசையாகப் படிப்பதைக் கண்டுகொண்ட செயலி, கேட்கும் முன்பே அடுத்த வரிகளைக் கொண்டுவந்து வைக்கிறது. செய்யப்படும் பெருக்கலும் கூட்டலும் முன்பிருந்த அதே எண்ணிக்கைதான்.

பழைய நிரலை மாற்றுகிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போடத் தேவையில்லை. முதலில் அளக்க வேண்டும். லினக்ஸில் `perf stat -e cycles,instructions,cache-misses` என்ற கட்டளை போதும். சுழற்சிக்கு ஒரு கட்டளைகூட முடியாமல், கேஷ் தவறல்கள் மட்டும் குவிந்தால், செயலி நினைவகத்துக்காகக் காத்துக் கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதிக நேரம் தின்னும் சுழலை மட்டும் எடுத்து, அது தொடும் தரவை அணிகளுக்கு மாற்றி, மறுபடி அளக்க வேண்டும். மற்றவை பழைய பொருளிலேயே இருக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் வீரன் சாகும்போது வருகிறது. அணியில் ஓட்டை விழக் கூடாது என்பதால், 417ஆம் இடத்தில் இருந்தவன் செத்தால் கடைசியில் நிற்பவனை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் பறந்துகொண்டிருக்கும் ஓர் அம்பு "என் இலக்கு 417" என்று குறித்து வைத்திருக்கும். அம்பு போய்ச் சேரும்போது அங்கே நிற்பவன் வேறு ஆள். களத்தின் மறுகோடியில் ஒருவன் காரணமில்லாமல் சாய்வதைக் கண்டால் இந்தப் பிழையைத்தான் முதலில் தேட வேண்டும். தீர்வு, இடத்தைக் குறிக்காமல் வீரனின் எண்ணைக் குறிப்பது. எந்த எண் எந்த இடத்தில் என்பதை ஓர் அட்டவணை சொல்லும். எண் மறுபடி வேறொருவனுக்குப் போகும்போது கூடவே ஒரு தலைமுறை எண்ணும் ஏறும். அம்பு வைத்திருக்கும் தலைமுறை பொருந்தாவிட்டால் இலக்கு செத்துவிட்டது என்று பொருள்.

இலக்கு தேடல் இவ்வளவு எளிதில் வசப்படாது. ஒவ்வொருவனும் களத்தில் எங்கோ இருக்கும் எதிரியின் இடத்தைப் படிப்பதால் அணிக்குள்ளேயே தாவல்கள் வந்துவிடும். களத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரே கட்டத்தில் நிற்பவர்களை அணியிலும் அருகருகே வைத்தால் தாவல் குறையும்.

இருநூறு வீரர்கள் மட்டுமே உள்ள விளையாட்டில் பழைய பொருள்கள் அனைத்தும் சேர்ந்தே 51,200 பைட்தான். இன்றைய செயலிகளின் இரண்டாம் நிலை கேஷில் அது அடங்கிவிடும். அத்தகைய நிரலைப் பிரித்து அடுக்குவது வீண் வேலை.