இறுதிச் சுற்றில் எத்தனை பேர்? நிறுவனத்திடம் நயமாகக் கேட்பது எப்படி?

பெங்களூருவில் மென்பொருள் பணிக்கான மூன்று சுற்று நேர்காணல்களை முடித்த ஒருவரிடம், வேறொரு நிறுவனத்தின் பணி நியமனக் கடிதமும் உள்ளது; அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் பதிலளிக்க வேண்டும் எனக் கொள்வோம்.

“நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன்?” என்று அவர் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. தேர்வு செய்பவர் துறை மேலாளர். மனிதவள அலுவலருக்கு அந்த வரிசை தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் சொல்லத் தயங்குவார். எண்ணிக்கையையும் தேதியையும் கூறுவதில் அவருக்குச் சங்கடம் குறைவு.

எனவே திங்கள்கிழமையே காரணத்துடன் மின்னஞ்சல் அனுப்பலாம்: “வேறொரு பணி வாய்ப்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதிலளிக்க வேண்டியுள்ளது. தங்கள் நிறுவனத்தில் சேரவே விரும்புகிறேன். இறுதிச் சுற்றில் எத்தனை பேர் பரிசீலனையில் உள்ளனர், முடிவு எப்போது தெரியும் என்பதைத் தெரிவிக்க இயலுமா?” இல்லாத கடிதத்தைக் காரணம் காட்டுவது ஆபத்து, அதன் நகலைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

“இன்னும் சிலருக்கு நேர்காணல் உள்ளது” என்ற பதில் நிராகரிப்பு அன்று. பணியில் சேரக்கூடிய நாளை மீண்டும் விசாரித்தால், அது நல்ல அறிகுறி. பதிலே இல்லையெனில் புதன்கிழமை ஒருமுறை தொலைபேசியில் கேட்கலாம். அதன் பின்னரும் மௌனம் நீடித்தால், கையிலுள்ள கடிதத்தை வைத்தே முடிவெடுக்க நேரிடும்.