கம்பியின் முறுக்கை அளக்கும் கடிகாரம்

1798இல் ஈயக் குண்டுகளுக்கு இடையிலான ஈர்ப்பை ஹென்றி கேவண்டிஷ் அளந்தபோது, கருவியைத் தாங்கிய மெல்லிய கம்பி எவ்வளவு விசைக்கு எவ்வளவு முறுகும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் அந்தக் கருவியை ஆடவிட்டு, நேரத்தைப் பார்த்தார். முதல் கம்பியில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக மட்டும் ஏறக்குறைய 15 நிமிடம் ஆனது. கம்பியின் விறைப்பு அந்த நேரத்திலிருந்தே கிடைத்துவிட்டது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் முறுக்கு ஊசலும் அதே சூட்சுமம்தான். மேலே கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சக், கீழே தொங்கும் கனமான வட்டத்தட்டு. தட்டைக் கொஞ்சம் திருப்பி விட்டால் கம்பி தன் முறுக்கை அவிழ்த்து, மறுபக்கம் முறுக்கி, மீண்டும் திரும்பும். கம்பி விறைப்பாக இருந்தால் ஆட்டம் வேகமாகும். தட்டு கனத்தால் மந்தமாகும். தட்டின் நிலைமத் திருப்புத்திறன் I, அலைவு நேரம் T என்றால், முறுக்கு மாறிலி C = 4π²I/T².

ஒரு கணக்கு போடலாம். தட்டின் எடை 1 கிலோ, ஆரம் 7 செ.மீ. எனவே I = 0.00245 கிலோகிராம் மீட்டர்². 10 அலைவுகளுக்கு 42.5 வினாடி, அதாவது T = 4.25 வினாடி. C ஏறத்தாழ 0.0054. கம்பியை ஒரு ரேடியன், சுமார் 57 பாகை, முறுக்க இத்தனை நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும்.

தட்டோடு சேர்ந்து ஆடும் சக்கின் பங்கை என்ன செய்வது? அதற்காகத்தான் இரண்டு சம எடைகள் தரப்படுகின்றன. தலா 200 கிராம் எடைகளை மையத்திலிருந்து 3 செ.மீ. தொலைவில் இருபுறமும் வைத்தால் T 4.55 வினாடி, 6 செ.மீ.க்குத் தள்ளினால் 5.35. இரண்டின் வர்க்கங்களைக் கழித்தால் 7.92. எடைகள் நகர்ந்ததால் கூடிய I 0.00108. இந்த இரண்டை மட்டும் வைத்தே C மீண்டும் 0.0054 என்று வருகிறது. தட்டும் சக்கும் கழித்தலில் மறைந்துவிட்டன.

பெரும்பாலான தவறு எண்ணுவதில்தான் நேர்கிறது. கடிகாரத்தை அழுத்தும்போதே “ஒன்று” என்று தொடங்குபவர் ஒன்பது அலைவுகளைப் பத்தென்று எழுதுவார். T வர்க்கமாக வருவதால் C 23 சதவீதம் கூடிவிடும். 20 வரையும் எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: 10க்கு 38.25, 20க்கு 80.75 வினாடி, இரட்டிப்பாகவில்லை. “பூச்சியம்” என்று தொடங்குவதே சரி. அதுவும் தட்டின் குறி நடுநிலையைக் கடக்கும் நொடியில். ஓரத்தில் அது தயங்கி நிற்பதால் நேரம் நழுவும்.

தட்டு பக்கவாட்டில் ஊஞ்சலாடினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆடி ஓய்ந்த குறி பழைய இடத்துக்கு வராவிட்டால் சக்கில் கம்பி நழுவியிருக்கும், அல்லது மீளாத அளவு முறுகியிருக்கும்.

இவ்வளவிலும் கம்பியின் தடிமன் தேவைப்படவே இல்லை. உலோகத்தின் விறைப்புக் குணகத்துக்குப் போகும்போதுதான் திருகு அளவி வருகிறது. அங்கே ஆரம் நான்காம் அடுக்கு: 0.8 மி.மீ. விட்டத்தில் 0.01 மி.மீ. பிசகினால் விடை 5 சதவீதம் தப்பும்.