காணாமல் போன அறுபது ஸ்டிரிப்

2024 ஏப்ரல் முதல் வாரம். ஊரில் நன்றாக ஓடும் ஒரு மருந்துக் கடையிலிருந்து எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்துக்கு ஆர்டர் வந்தது: ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், நூறு ஸ்டிரிப். குடோனில் அந்த மாத்திரை 272 ஸ்டிரிப் இருந்தது. எண்ணி எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 272-ம் ஒரே சரக்கு அல்ல. ஜனவரியில் வந்த 200 ஸ்டிரிப்புக்கு எக்ஸ்பைரி 2025 நவம்பர். பிப்ரவரியில் வந்த 60-க்கு 2025 பிப்ரவரி. மார்ச்சில் ஒரு கடைக்காரர் விற்காமல் திருப்பிக் கொடுத்த 12-க்கு 2024 ஆகஸ்ட். எதை முதலில் எடுப்பது?

மளிகைக் கடையில் வளர்ந்தவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: முதலில் வந்தது முதலில் போகட்டும். அரிசி மூட்டைக்கு அது சரி. மருந்துக்கு அப்படிச் செய்தால் நூறு ஸ்டிரிப்பும் ஜனவரிச் சரக்கிலிருந்தே போய்விடும். சீக்கிரம் காலாவதியாகும் 72 ஸ்டிரிப் ரேக்கிலேயே கிடக்கும். பின்னால் வந்த சரக்கு முன்னால் காலாவதியாவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. கம்பெனியின் டிப்போவில் அடியில் கிடந்த பழைய பெட்டி கடைசியாக நம்மிடம் வரலாம். கடைகளிலிருந்து திரும்பும் சரக்கோ எப்போதும் வயது முதிர்ந்துதான் வரும். அதனால்தான் நாங்கள் வந்த தேதியைப் பார்ப்பதில்லை. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும். அன்று கம்ப்யூட்டர் அந்தக் கணக்கின்படி பில்லை மூன்று வரியாகப் பிரித்தது: ஆகஸ்ட் சரக்கில் 12, பிப்ரவரி எக்ஸ்பைரியில் 60, மீதி 28 நவம்பர் எக்ஸ்பைரியில்.

மூன்று வரிக்கும் மூன்று பேட்ச் எண்கள். தொழிற்சாலையில் ஒரே தடவையாகக் கலந்து தயாராகும் மாத்திரைகள் எல்லாமே ஒரு பேட்ச். அவற்றுக்கு ஒரே பரிசோதனை, ஒரே தயாரிப்புத் தேதி, ஒரே எக்ஸ்பைரி. தேதி என்பது அந்தப் பேட்ச்சின் ஒரு குணம்தான். இரண்டு பேட்ச்சுக்கு ஒரே எக்ஸ்பைரி மாதம் இருக்கலாம். ஆனாலும் அவை இரண்டு வேறு சரக்குகள். விலைகூடப் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும். அதனால் நாங்கள் கொடுக்கும் பில்லில் மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே பேட்ச்சும் எக்ஸ்பைரியும் இருக்கும்.

அந்த 12 ஸ்டிரிப்பை அப்படியே அனுப்பிவிடவும் முடியாது. எக்ஸ்பைரி 2024 ஆகஸ்ட் என்று அச்சிட்டிருந்தால் நம் விதிப்படி ஆகஸ்ட் 31 வரை அந்த மருந்து செல்லும். ஏப்ரல் முதல் வாரத்தில் பார்த்தால் இன்னும் ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. விற்கும் நாளைவிட, வாங்குகிறவர் கடைசி மாத்திரையை விழுங்கும் நாள்தான் இதில் முக்கியம். அழுத்த மாத்திரையை ஒருவர் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவார். நாங்கள் அனுப்பி, அது கடையில் ஒரு மாதம் இருந்து, பிறகு அவர் கைக்குப் போனால் ஆகஸ்டைத் தொட்டுவிடும். எனவே எங்கள் வீட்டு வழக்கம் இது: ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் கடைக்காரரைக் கேட்காமல் பில் போடுவதில்லை, மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பில்லே போடுவதில்லை. வேறு நிறுவனங்களில் இந்த எல்லை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எல்லை என்று ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் காலாவதியாவதை முதலில் தள்ளும் இந்த முறை, கெடப்போகும் சரக்கைக் கடைக்காரர் தலையில் கட்டும் வழியாக மாறிவிடும்.

கடைக்குப் போன் செய்தேன். "அண்ணே, டெல்மிசார்டன்ல பன்னிரண்டு ஸ்டிரிப் ஆகஸ்ட் எக்ஸ்பைரி. போடட்டுமா?" அவர் யோசித்தார். "எனக்கு இது வாரத்துக்கு இருபது ஓடுதும்மா. மாசத்துக்கு மட்டும் வாங்குறவங்களுக்குக் கொடுத்துடறேன், அனுப்புங்க." அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்காமல் அனுப்பியிருந்தால் மறுநாளே பன்னிரண்டும் திரும்பி வந்திருக்கும்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தப்பு நடந்தது ரேக்கின் முன்னால்.

சரக்கு எடுக்கிறவர் கையில் ஒரு சீட்டு. அதில் நாற்பது ஐம்பது வரிகள். ஸ்டிரிப்பில் பேட்ச் எண் மை அச்சில் இருந்தால் பரவாயில்லை. பல கம்பெனிகள் அலுமினிய ஓரத்தில் அழுத்திப் பதித்திருப்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்; அப்போதும் 3-ம் 8-ம் ஒன்றுபோல இருக்கும். அன்று எங்கள் அண்ணன் 12 ஸ்டிரிப்பைச் சரியாக எடுத்தார். அடுத்த அறுபது இருந்த பெட்டி அடியில் இருந்தது. மேலே ஜனவரிச் சரக்கின் பெட்டி திறந்தே கிடந்தது. அதிலிருந்து 88 எடுத்து நூறாக்கினார். செக்கிங்கில் இருந்தவர் எண்ணினார். நூறு சரியாக இருந்தது. மூன்று பேட்ச்சுக்கும் விலை ஒன்றே என்பதால் கடைக்காரருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விலை வேறாக இருந்திருந்தால் மாலையிலேயே போன் வந்திருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டரைக் கேட்டால் பிப்ரவரி எக்ஸ்பைரி சரக்கு தீர்ந்துவிட்டது, நவம்பர் எக்ஸ்பைரியில் 172 இருக்கிறது என்று சொல்லும். ரேக்கில் உண்மையாக இருந்தது நவம்பர் 112, பிப்ரவரி 60. இரண்டு கணக்கிலும் மொத்தம் 172. மருந்தின் பெயரைச் சொல்லி எத்தனை இருக்கிறது என்று யார் வந்து எண்ணினாலும் ஒரு ஸ்டிரிப்கூடக் குறையாது, கூடாது. ஆனால் அந்த அறுபதும் கம்ப்யூட்டரின் கண்ணில் இல்லை. இருப்பு பூஜ்யம் என்று காட்டும் பேட்ச்சை அது எந்த ஆர்டருக்கும் எடுக்கச் சொல்லாது; எக்ஸ்பைரி நெருங்குகிறது என்று மாதம்தோறும் தரும் பட்டியலிலும் அதைச் சேர்க்காது. புதுச் சரக்கு வர வர அந்தப் பெட்டி இன்னும் உள்ளே போனது. 2025 மார்ச் மாதம் ஆண்டுக் கணக்குக்காகப் பேட்ச் வாரியாக எண்ணியபோதுதான் அகப்பட்டது. எக்ஸ்பைரி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மேடம், இது ஸ்டாக்குலயே இல்லையே!" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார் அண்ணன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெட்டியை அடியில் வைத்தது அவர் இல்லை. சரக்கு வரும்போது எக்ஸ்பைரி பார்த்து அடுக்காமல், வந்த வரிசையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டோம். சீட்டு ஒன்று சொல்லி, அடுக்கு வேறொன்று சொன்னால், அவசரத்தில் இருக்கிற கை அடுக்கைத்தான் கேட்கும்.

அறுபது ஸ்டிரிப் நஷ்டம் தாங்கக்கூடியதுதான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்த ஆண்டு அக்டோபரில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்தது. கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்து, எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததாக அறிவித்தது. அந்தப் பாட்டிலில் எக்ஸ்பைரி 2027 ஏப்ரல். அப்போது இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது! தேதியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது புத்தம் புது மருந்து. அதைத் தேடிப் பிடிக்க உதவியது பேட்ச் எண்.

இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது இது: அந்தப் பேட்ச் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தால் எந்தெந்தக் கடைக்கு, எந்த பில்லில், எத்தனை போயிற்று என்று பட்டியல் வரும். உடனே ஒவ்வொரு கடையாகப் போன் செய்து விற்பனையை நிறுத்தச் சொல்லி, மீதியைத் திரும்ப எடுக்க வேண்டும். பில்லில் ஒரு பேட்ச்சும் பெட்டியில் வேறு பேட்ச்சும் போயிருந்தால் அந்தப் பட்டியலே பொய். அதில் இருக்கிற கடைக்காரர் "என்கிட்ட அந்த பேட்ச் இல்லையே" என்பார். உண்மையில் அதை வைத்திருப்பவரை யாருமே அழைத்திருக்க மாட்டார்கள். எங்கள் அறுபது ஸ்டிரிப்பின் இடத்தில் அப்படி ஒரு சரக்கு இருந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை.

இப்போது எங்கள் குடோனில் சரக்கு இறங்கும் மேசையில்தான் அதிக நேரம் செலவாகிறது. முன்பு கம்பெனி பில்லைப் பார்த்து பேட்ச்சையும் தேதியையும் அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது பெட்டியைத் திறந்து ஸ்டிரிப்பைப் பார்த்துத்தான் அடிக்கிறோம். பில்லில் ஒரே பேட்ச் என்றிருக்கும், பெட்டிக்குள் இரண்டு இருக்கும். இது நான் பலமுறை பார்த்தது. பிறகு பெட்டியின் முகத்தில் மார்க்கர் பேனாவால் எக்ஸ்பைரி மாதத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி, குறைந்த தேதி முன்னால் வரும்படி அடுக்குகிறோம். எடுக்கிறவர் பேட்ச்சின் கடைசி நான்கு எழுத்தைச் சத்தமாகப் படிக்க, செக்கிங்கில் இருப்பவர் சீட்டைப் பார்த்து "சரி" என்ற பிறகே பெட்டியில் விழும். 2023 ஆகஸ்ட் முதல் முன்னணி 300 மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு கட்டாயம். அவற்றை ஸ்கேன் செய்தே பேட்ச்சைப் படிக்கலாம். மற்றவற்றுக்குக் கண்தான்.

சீட்டில் உள்ள பேட்ச் ரேக்கில் இல்லையென்றால் கையில் கிடைத்ததை எடுக்கக் கூடாது. அந்த வரியை நிறுத்திவிட்டு அந்த ஒரு மருந்தை மட்டும் அப்போதே எண்ணிப் பார்க்கிறோம். லாரி காத்திருந்தாலும் சரி. எங்கோ ஒரு பழைய தப்பு தலைகாட்டுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அந்த அறுபது ஸ்டிரிப்பும் எக்ஸ்பைரி அலமாரிக்குப் போயின. காலாவதியானதை விற்கும் சரக்கோடு வைக்கக் கூடாது. கம்பெனி திரும்ப எடுக்கும்வரை தனியாக, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

உங்கள் கையில் வரும் ஸ்டிரிப்பையும் ஒருமுறை பாருங்கள். பேட்ச், தேதி, விலை மூன்றும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். நாலு மாத்திரை மட்டும் வேண்டுமென்றால் கடைக்காரர் அந்த ஓரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து வெட்டித் தருவார். மீதியை விற்க அவருக்கு அது வேண்டும். அப்படியானால் பில் கேட்டு வாங்குங்கள். அந்த நாலு மாத்திரை எந்தப் பேட்ச் என்பது பிறகு அந்த பில்லில் மட்டும்தான் இருக்கும்.