லீவு எடுத்தும் பில் குறையலையா? ஹாஸ்டல் மெஸ் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்த மாதத்தில்தான் மெஸ் பில் மேல் சந்தேகம் வரும். ‘ஆறு நாள் சாப்பிடவே இல்லையே, அப்புறம் எப்படி போன மாசத்தைவிட ஜாஸ்தி?’ என்ற கேள்வி எல்லா ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு சுற்று வரும். சில சமயம் பில் சரியாகவே இருக்கும். சில சமயம் நிஜமாகவே தப்பாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடமும் மூன்று எண்களும் போதும். தம்பி, தங்கைக்கு ஹாஸ்டல் ஃபீஸ் அனுப்பும் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இந்தக் கணக்கு உதவும்.

முதலில், உங்கள் மெஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கான்ட்ராக்டர் நடத்தும் மெஸ்ஸில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரேட் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். யார் வந்தாலும் போனாலும் அது மாறாது. தமிழ்நாட்டில் பல கல்லூரி ஹாஸ்டல்களில் இருப்பது இன்னொரு வகை. டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன சாப்பாட்டுச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து ரேட் போடுவார்கள். குழப்பமெல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான்.

ரேட் எப்படி வருது?

கணக்குக்காக ஒரு ஹாஸ்டலை எடுத்துக்கொள்வோம். 200 பேர், ஜனவரி மாதம், 31 நாட்கள். ஒருத்தர்கூட லீவு போடவில்லை என்றால் மொத்தம் 6,200 மெஸ் நாட்கள். ஆனால், பொங்கலுக்கு 120 பேர் ஆளுக்கு 6 நாள் லீவு. இன்னும் 20 பேர் 10 நாள் லீவு. ஆக, 720-ம் 200-ம் சேர்த்து 920 நாட்கள் குறைகின்றன. மீதி 5,280. இதுதான் வகுக்கும் எண்.

அடுத்தது செலவு. இங்கே பலரும் அந்த மாதம் வாங்கிய மளிகை பில்லை மட்டும் பார்ப்பார்கள். அது போதாது. ஜனவரி 1-ம் தேதி ஸ்டோரில் ஏற்கெனவே இருந்த அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஜனவரியில்தான் செலவாகின்றன. 31-ம் தேதி மிஞ்சியிருப்பது பிப்ரவரிக்குப் போகிறது. அதனால், ஆரம்ப இருப்பு 85,000 ரூபாய், மாதத்தில் வாங்கியது 6,20,000 ரூபாய், கடைசியில் மிஞ்சியது 71,400 ரூபாய் என்றால், செலவு 6,33,600 ரூபாய். இதை 5,280-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 120 ரூபாய்.

இதே ஹாஸ்டலில் லீவே இல்லாத ஒரு 30 நாள் மாதத்தில் 6,60,000 ரூபாய் செலவாகி, 6,000 நாட்களால் வகுத்து ரேட் 110 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் மொத்தச் செலவு குறைந்திருக்கிறது, ரேட் மட்டும் கூடியிருக்கிறது. இதில் திருட்டு எதுவும் இல்லை. பாதிப் பேர் ஊரில் இருந்தாலும் சாம்பார் அடுப்பு எரிந்தே ஆகணும். பால், காய்கறிக்கு முன்பே ஆர்டர் போயிருக்கும். ஆள் குறைகிற அளவுக்குச் செலவு குறையாது. லீவு லெட்டரை இத்தனை நாளுக்கு முன்னாலேயே கொடு என்று மெஸ் ஆபீஸ் கறாராக இருப்பதற்கும் இதுதான் காரணம். கிளம்புகிற அன்று காலையில் லெட்டர் கொடுத்தால், அன்றைய அரிசி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கும்.

ஆக, ரேட் கூடியதை மட்டும் வைத்து சண்டைக்குப் போகக் கூடாது. பார்க்க வேண்டியது உங்கள் நாட்கள்.

ஆறு நாள் எப்படி நாலு நாள் ஆகுது?

ஒரு மாணவி 12-ம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறார். 19-ம் தேதி காலை டிபனுக்கு வந்துவிடுகிறார். அவர் சாப்பிடாத நாட்கள் 13 முதல் 18 வரை. 18-இல் 13-ஐக் கழித்து 5 என்று போட்டால் தப்பு. இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணணும், 6 நாட்கள். பில்லில் ஒரு நாள் இடிப்பது பெரும்பாலும் இந்தக் கழித்தலில்தான்.

இப்போது அவருடைய ரூம்மேட். 13-ம் தேதி காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். 18-ம் தேதி இரவு திரும்பி வந்து சாப்பிட்டார். அவரும் ‘ஆறு நாள் ஊர்ல இருந்தேன்’ என்றுதான் சொல்வார். ஆனால், ஒரு வேளை சாப்பிட்டாலும் முழு நாள் கணக்கு என்று விதி இருக்கும் மெஸ்ஸில் 13-ம் 18-ம் லீவில் சேராது. மிச்சம் 14 முதல் 17 வரை, நாலு நாள்தான். அதோடு, தொடர்ந்து குறைந்தது 5 நாள் இருந்தால்தான் மெஸ் ரிடக்‌ஷன் என்ற விதியும் இருந்தால், அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். ஒரு காலை டிபனும் ஒரு இரவுச் சாப்பாடும் அவருக்கு 720 ரூபாய் ஆகிவிட்டது. கொடுமைதான். ஆனால், பில் தப்பில்லை.

குறைந்தபட்ச நாட்கள் 3 என்று வைத்திருக்கும் ஹாஸ்டலும் உண்டு, 5-க்கு மேல் கேட்கும் இடமும் உண்டு. மாதத்துக்கு அதிகபட்சம் இத்தனை நாள்தான் கழிப்போம் என்ற உச்சவரம்பும் சில இடங்களில் இருக்கும். அட்மிஷன் சமயத்தில் கையெழுத்து வாங்கிய ஹாஸ்டல் விதிப் புத்தகத்தில் இது இருக்கும். டிக்கெட் புக் செய்வதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

பில்லில் தப்பு எங்கே இருக்கும்?

முதல் மாணவியின் பில் இப்படி இருக்கணும்: 25 நாள், 120 ரூபாய் வீதம் 3,000 ரூபாய். ஆம்லெட், சிக்கன் டோக்கன் என்று எக்ஸ்ட்ரா 180 ரூபாய். எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் 600 ரூபாய். மொத்தம் 3,780 ரூபாய். எஸ்டாப்ளிஷ்மென்ட் என்பது சமையல்காரர் சம்பளம், கரன்ட் மாதிரியான நிலையான செலவு. லீவு போட்டாலும் பொதுவாக இது குறையாது. ‘25 நாள்தானே இருந்தேன், இதையும் குறைங்க’ என்று கேட்டால் மெஸ் ஆபீஸில் சிரிப்பார்கள்.

அவர் கைக்கு வந்த பில் 4,500 ரூபாய் என்றால், வித்தியாசம் 720. அதை ரேட்டால் வகுத்துப் பாருங்கள்: சரியாக 6. அதாவது, லீவு ஏறவே இல்லை, 31 நாளும் இருந்ததாகப் போட்டிருக்கிறார்கள். வித்தியாசத்தை ரேட்டால் வகுக்கும்போது முழு எண் வந்தால் தப்பு நாட்களில் இருக்க வாய்ப்பு அதிகம். 1.5, 2.3 என்று வந்தால் எக்ஸ்ட்ரா டோக்கனையோ எஸ்டாப்ளிஷ்மென்ட்டையோ பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த மாணவியின் லீவு லெட்டர் தொலைந்துபோய், மொத்தக் கணக்கிலும் ஏறவில்லை என்றால் மெஸ் நாட்கள் 5,286 ஆகும். ரேட் 119 ரூபாய் 86 பைசா. வெறும் 14 பைசா வித்தியாசம். நோட்டீஸ் போர்டைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மெஸ்ஸின் வரவு செலவும் டேலி ஆகும். அவர் கூடுதலாகக் கட்டும் சுமார் 715 ரூபாய், மற்ற 199 பேருக்கும் ஆளுக்கு மூன்று, நாலு ரூபாயாகப் பிரிந்து போயிருக்கும். அவராகப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இன்னொரு வகைத் தப்பு பெரியது. 10 நாள் லீவு போட்ட அந்த 20 பேரை எடுத்துக்கொள்வோம். ரேட் போடும்போது அவர்களுடைய 200 நாட்களைக் கழித்துவிட்டார்கள். அதனால்தான் ரேட் 120. ஆனால், அவர்களின் தனித்தனி பில்லில் 31 நாள் என்றே போட்டுவிட்டார்கள். இப்போது 24,000 ரூபாய் கூடுதலாக வசூலாகும். 6,33,600 செலவுக்கு 6,57,600 வரவு. லீவைக் கழித்ததால் கூடிய ரேட்டையும் கட்டணும், லீவு நாளுக்கும் கட்டணும் என்றால் அது ரெட்டை வசூல்.

இதைப் பிடிக்கும் வழி சுலபம். எல்லோருடைய பில்லிலும் இருக்கும் நாட்களைக் கூட்டினால், போர்டில் போட்டிருக்கும் மொத்த மெஸ் நாட்கள் வரணும். நம் ஹாஸ்டலில் 60 பேர் 31 நாள், 120 பேர் 25 நாள், 20 பேர் 21 நாள். கூட்டினால் 1,860 + 3,000 + 420 = 5,280. சரியாக வருகிறது. 5,480 வந்தால் யாரோ 200 நாளுக்கு அதிகம் கட்டுகிறார்கள். தனியாள் இதைப் பார்க்க முடியாது. பெயர், நாள், தொகை அடங்கிய முழு லிஸ்ட்டை மெஸ் செகரெட்டரியிடம் கேட்கலாம். மாணவர் கமிட்டி நடத்தும் மெஸ்ஸில் இது ரகசியமாக இருக்க எந்த நியாயமும் இல்லை.

செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு இடம்: ஜனவரி முடிவில் இருப்பு 71,400 என்று காட்டினால், பிப்ரவரி ஆரம்ப இருப்பும் அதே 71,400 ஆக இருக்கணும். குறைவாக இருந்தால், இடையில் காணாமல்போன அரிசிக்குப் பதில் கேட்கலாம். அதேபோல, எக்ஸ்ட்ரா டோக்கனிலும் கெஸ்ட் சாப்பாட்டிலும் வந்த பணத்தைப் பொதுச் செலவிலிருந்து கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிக்கன் வாங்கிய காசைப் பொதுவில் ஏற்றிவிட்டு, டோக்கனுக்கும் தனியாக வாங்கினால் அதே சிக்கனுக்கு இரண்டு முறை காசு.

எப்போ, யார்கிட்ட சொல்றது?

புகார் கொடுப்பதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். செமஸ்டர் ஆரம்பத்திலேயே மெஸ் அட்வான்ஸ் வாங்கும் ஹாஸ்டல்களில் ரிடக்‌ஷனை அந்த மாதமே காட்ட மாட்டார்கள். அடுத்த மாத பில்லிலோ, செமஸ்டர் கடைசி செட்டில்மென்ட்டிலோ கழிப்பார்கள். அப்படியானால் எந்த மாதத்தில் வரும் என்று மட்டும் கேட்டு வைத்தால் போதும்.

உண்மையிலேயே தப்பு என்றால் முதலில் மெஸ் ஆபீஸ், அங்கே முடியாவிட்டால் டெபுடி வார்டன். ‘பில் ஜாஸ்தியா இருக்கு சார்’ என்று போனால் ‘விலைவாசி’ என்று பதில் வரும். ‘13 முதல் 18 வரை லீவு சார், லெட்டர் கொடுத்த தேதி இது, பில்லில் 31 நாள் போட்டிருக்கு, 25 வரணும்’ என்று தேதியோடு கேட்டால் ரெஜிஸ்டரைத் திறந்துதான் ஆகணும். கேட் ரெஜிஸ்டரில் நீங்கள் போன, வந்த நேரம் இருக்கும். கார்டு அல்லது விரல்ரேகை வைத்துச் சாப்பிடும் மெஸ்ஸாக இருந்தால் அந்தப் பதிவும் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியது, லீவு லெட்டரில் வாங்கிய கையெழுத்தோ சீலோ தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. கூடவே, மாதக் கடைசியில் ஒட்டும் செலவுக் கணக்கு நோட்டீஸையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த மாத நோட்டீஸ் அதன் மேலேயே ஒட்டப்பட்டுவிடும்.