சராசரியே சரியும்போது

20 நாள் சராசரியிலிருந்து விலை எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்பதே இசட்-ஸ்கோர். மைனஸ் 2-க்குக் கீழே போனால், விலை மீண்டும் சராசரிக்குத் திரும்பும் என்று நம்பி வாங்குவார்கள். ஏறி இறங்கி ஒரே இடத்தில் சுற்றும் சந்தையில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

2020 பிப்ரவரி 28 அன்று நிஃப்டி சுமார் 11,202. 20 நாள் சராசரி ஏறத்தாழ 11,930, திட்டவிலக்கம் 250. ஸ்கோர் மைனஸ் 3-ஐ ஒட்டியது. வாங்கச் சொல்லும் அழுத்தமான சமிக்ஞை.

மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610.

ஆனால் அன்றைய ஸ்கோர் மைனஸ் 2 தான்! வீழ்ச்சியில் சராசரி 10,290-க்கு இறங்கியது, திட்டவிலக்கமோ 1,300-ஆக வீங்கிவிட்டது. ஸ்கோர் தணிந்தது, முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. எனவே வெளியேறும் எல்லையை ஸ்கோரில் வைக்காமல் விலையில் வைப்பதே பாதுகாப்பு; சராசரிக் கோடு நாள்தோறும் சரிந்தால் வாங்கவே கூடாது.