‘குவைட்’ முன்னால் வரும், ‘ஃபேர்லி’ வராது

‘இட் ஈஸ் ஆன் ஓல்டு ஹவுஸ்.’ பழைய வீடு என்று சொல்லியாயிற்று. ஆனால் இடிந்து விழுகிற அளவுக்குப் பழையதில்லை, ஓரளவு பழையது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் நாலு சொற்கள் கைவசம் இருக்கின்றன: குவைட், ராதர், ஃபேர்லி, பிரிட்டி. எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குழப்பம் வருவது, அந்தச் சொல்லை ‘எ’, ‘ஆன்’ இவற்றுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதில்தான்.

குவைட் பொதுவாக முன்னால் வரும்: ‘குவைட் ஆன் ஓல்டு ஹவுஸ்’. ஃபேர்லியும் பிரிட்டியும் எப்போதும் பின்னால்தான்: ‘எ ஃபேர்லி ஓல்டு ஹவுஸ்’, ‘எ பிரிட்டி ஓல்டு ஹவுஸ்’. ராதருக்கு இரண்டு இடமும் உண்டு. ‘ராதர் ஆன் ஓல்டு ஹவுஸ்’ என்றாலும் சரி, ‘எ ராதர் ஓல்டு ஹவுஸ்’ என்றாலும் சரி, பொருளில் பெரிய வித்தியாசம் கிடையாது. அமெரிக்கர்கள் இரண்டாவதையே அதிகம் சொல்வார்கள்.

இந்த வாக்கியங்களில் ‘ஆன்’ எப்போது ‘எ’ ஆகிறது என்று பாருங்கள். ‘ஓல்டு’ உயிரொலியில் தொடங்குவதால் அதற்கு நேர் முன்னால் ‘ஆன்’ வருகிறது. நடுவே ‘ஃபேர்லி’ நுழைந்துவிட்டால், அடுத்து வரும் ஒலி ‘ஃ’ ஆகிவிடுகிறது. அதனால் ‘எ’ போதும். வீடு பழையதுதானே என்று ‘ஆன் ஃபேர்லி ஓல்டு ஹவுஸ்’ என எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. பெயர்ச்சொல்லையோ பெயரடையையோ பார்க்கக் கூடாது. பக்கத்துச் சொல்லை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

நாலும் ஒரே வேலைதானே, பிறகு ஏன் இந்தப் பாகுபாடு? பெயரடையைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ‘குவைட் எ கிரவுட்’ என்கிறார்கள். நல்ல கூட்டம் என்று பொருள். ‘ராதர் எ பிட்டி’ என்கிறார்கள். கொஞ்சம் வருத்தமான விஷயம்தான் என்று பொருள். இரண்டிலும் பெயரடையே இல்லை. குவைட்டும் ராதரும் ‘எ’யில் தொடங்கும் முழுத் தொடரையும் தழுவி நிற்கும் வல்லமை உள்ளவை. ‘வாட் எ’, ‘சச் எ’ என்று நமக்குப் பழகிப்போனவையும் இப்படி முன்னால் நிற்பவைதாம். ஆனால் ‘ஃபேர்லி எ கிரவுட்’, ‘பிரிட்டி எ பிட்டி’ என்று யாரும் சொல்வதில்லை. அந்த இரண்டுக்கும் பற்றிக்கொள்ள ஒரு பெயரடையோ அதுபோன்ற சொல்லோ வேண்டும். அதை ஒட்டித்தான் நிற்க முடியும். ‘எ’யைத் தாண்டி வெளியே வர முடியாது. (நம்மூர் தொலைக்காட்சிப் பேட்டிகளில் ‘ரொம்ப ஒரு நல்ல படம்’ என்று சொல்கிறார்களே, அந்த ‘ரொம்ப’வும் குவைட்டைப் போல ‘ஒரு’வைத் தாண்டி வந்துவிட்டதுதான்.)

ராதருக்கு இந்தச் சலுகை ‘எ’, ‘ஆன்’ இரண்டின் முன்னால் மட்டுமே. ‘மை ஓல்டு ஹவுஸ்’ என்பதை ‘மை ராதர் ஓல்டு ஹவுஸ்’ என்று விரிக்கலாம். ‘ராதர் மை ஓல்டு ஹவுஸ்’ என்றால் வேறு எதற்கோ பதிலாக என் பழைய வீடு என்பதுபோல் அர்த்தம் புரண்டுவிடும். பன்மையில் இந்தத் தொல்லையே இல்லை: ‘ராதர் ஓல்டு ஹவுசஸ்’, ‘ஃபேர்லி ஓல்டு ஹவுசஸ்’. ‘எ’ இல்லாத இடத்தில் முன்னும் பின்னும் ஏது?

‘எ குவைட்’ என்று வரவே வராதா? வரும். முழுக்க, முற்றிலும் என்ற பொருளில் குவைட் வரும்போது ‘எ குவைட் டிஃபரன்ட் மேட்டர்’ என்று தேர்ந்த எழுத்தாளர்களே எழுதுகிறார்கள். ‘குவைட் எ டிஃபரன்ட் மேட்டர்’ என்பதும் சரியே. ‘ஓரளவு’ என்ற பொருளில் ‘எ குவைட் ஓல்டு ஹவுஸ்’ என்பதைத் தவறென்று அடிக்க மாட்டேன். ஆனால் பிரிட்டிஷ் காதுக்கு அது சற்று உறுத்தும். தேர்வில் எழுதுகிறவர்கள் ‘குவைட் எ’ என்றே வைத்துக்கொள்ளட்டும்.

குவைட்டின் எடையும் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் ஒருவர் உங்கள் கட்டுரையை ‘குவைட் குட்’ என்றால், குறிப்பாகக் ‘குவைட்’டை அழுத்திச் சொன்னால், பரவாயில்லை என்ற அளவுதான். அமெரிக்கர் அதையே சொன்னால் ரொம்ப நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டி பேச்சுச் சொல். அலுவலகக் கடிதத்தில் அந்த இடத்துக்கு ஃபேர்லி பொருந்தும். அதிலும் ‘எ பிரிட்டி லிட்டில் ஹவுஸ்’ என்று எழுதினால், படிப்பவர் அதை அழகான சின்ன வீடு என்றுதான் புரிந்துகொள்வார். ரொம்பச் சின்ன வீடு என்று சொல்ல வந்தவர் ‘எ பிரிட்டி ஸ்மால் ஹவுஸ்’ என்று எழுதுவது நல்லது.