வன்தட்டைப் படியெடுத்தால் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாதது ஏன்?

பாலமுனைக் கடையொன்றின் கணினியில் 500 ஜிபி வன்தட்டு இருப்பதாகவும், அதில் 120 ஜிபி மட்டுமே நிரம்பியிருக்க, 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு அதை மாற்ற வேண்டியிருப்பதாகவும் கொள்வோம். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் புதிய தட்டிலிருந்து கணினி தொடங்காது. ஏனெனில் தொடக்க நிரல் தனியொரு மறைவான பிரிவில் இருப்பதுடன், விண்டோஸ் இருக்கும் பிரிவை அதன் அடையாள எண்ணைக் கொண்டே தேடுகிறது. படியெடுப்பு என்பது எல்லாப் பிரிவுகளையும் அவற்றின் அடையாள எண்களோடு நகலெடுப்பதாகும். ஆகவே கணக்கு மென்பொருள் உட்பட எதையும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

240 ஜிபி தட்டை விண்டோஸ் ஏறத்தாழ 223 ஜிபி என்றே காட்டுமாதலால், முதலில் C பிரிவை 200 ஜிபியாகச் சுருக்க வேண்டும். அசைக்க முடியாத உறக்கநிலைக் கோப்பு அதைத் தடுத்தால், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பின்வருமாறு இட்டு அக்கோப்பை நீக்கலாம்:

```
powercfg /h off
```

C சுருங்கினாலும் பழைய தட்டின் கடைசியிலேயே கிடக்கும் மீட்புப் பிரிவை முன்னுக்கு நகர்த்தித் தரும் மென்பொருளே இங்கு உதவும். பழைய தட்டில் பழுதான பகுதிகள் இருப்பின் படியெடுப்பு வாசிப்புப் பிழையுடன் இடையில் நின்றுவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிய பின்பே கணினியை முதன்முறை இயக்க வேண்டும். ஒரே அடையாள எண்ணுடைய இரு தட்டுகள் சேர்ந்திருந்தால், விண்டோஸ் ஒன்றைச் செயலிழக்கச் செய்யும், அல்லது பழையதிலிருந்தே சத்தமின்றித் தொடங்கிவிடும்.